ஒப்படைத்த வேலை யாருக்குச் சொந்தம்? திருகோணமலையில் படம் எடுப்போருக்கும் வடிவமைப்போருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மே மாதம் சீசன் தொடங்கும். அதற்கு முன்பே விடுதிக்காரர்கள் புதுப் படம், புது லோகோ, புது மெனு என்று ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பேச்சு பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலேயே முடிந்துவிடும். எத்தனை படம், எவ்வளவு காசு, எப்போது தருவீர்கள் என்பது வரைக்கும் கேட்பார்கள். அந்தப் படங்கள் யாருக்குச் சொந்தம், அவற்றை நீங்கள் உங்கள் பக்கத்தில் போடலாமா என்பதை இரண்டு பக்கமும் கேட்பதில்லை.

அப்படிக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதில்தான் நம் ஆட்கள் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இணையத்தில் இது பற்றி எழுதப்பட்டிருப்பவற்றில் பெரும்பகுதி பிரித்தானிய, அமெரிக்கச் சட்டங்களை வைத்து எழுதியது. பிரித்தானியாவில் சுயாதீனமாக வேலை செய்பவர் உருவாக்கிய படைப்பின் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை அவரிடமே இருக்கும். அதைப் படித்துவிட்டு, ‘நான்தானே எடுத்தேன், எனக்குத்தானே சொந்தம்’ என்று இங்கே நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இலங்கையில் நிலைமை நேர்மாறு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு, சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் போக்கில் உருவாக்குவதை முதலாளிக்குக் கொடுக்கிறது. அதோடு நிற்கவில்லை. யாராவது கேட்டுச் செய்வித்த படைப்பு என்றால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அதன் பொருளாதார உரிமை, அதாவது அதைப் பிரதி எடுக்கவும் விற்கவும் வெளியிடவும் உள்ள உரிமை, செய்வித்தவருக்கே என்கிறது. அந்த உரிமை உங்களிடமிருந்து அவருக்கு மாறுவதும் இல்லை, தொடக்கத்திலிருந்தே அவருடையது. ஆகவே அவர் மிச்சப் பணத்தைத் தராமல் இழுத்தடித்தாலும் படம் அவருடையதுதான். உங்களுக்கு இருப்பது கடன் பாக்கி கேட்கும் உரிமை மட்டும்.

கல்யாணப் படமும் இதற்குள் அடங்கும். காசு கொடுத்து எடுப்பித்த குடும்பத்துக்குத்தான் அந்தப் படங்களின் உரிமை. ஸ்டூடியோ வாசலில் மணமக்கள் படத்தைப் பெரிதாக்கி மாட்டுவது காலம்காலமாக நடக்கிற வழக்கம்தான், ஆனால் அதற்கு அவர்களின் அனுமதி தேவை.

இனி செய்ய வேண்டியதற்கு வருவோம். ஒரு வேலையை வைத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம். உப்புவெளியில் பத்து அறை கொண்ட விடுதி ஒன்று என்று வையுங்கள். முதலாளி கேட்பது ஒரு லோகோ, முப்பது படங்கள், ஒரு மெனு. படங்களில் பாதி அறைகளும் சாப்பாடும், மீதி கடற்கரை, விடியல், படகுகள். மொத்தக் கூலி 1,20,000 ரூபாய். அதோடு, நீங்கள் போன வருஷம் உங்கள் சொந்தச் செலவில் புறாமலையில் எடுத்த பவளப்பாறைப் படம் ஒன்றையும் இணையத்தளத்தில் போடக் கேட்கிறார்.

முதல் படி: வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

கொட்டேஷனில் ‘டிசைனும் போட்டோவும்: 1,20,000’ என்று ஒரே வரியில் எழுதினால், பிறகு உரிமையைப் பிரிக்க வழியில்லை. லோகோ 45,000, படங்கள் 60,000, மெனு 15,000 என்று தனித்தனியே போடுங்கள்.

புறாமலைப் படத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். யாரும் கேட்காமல் நீங்களாக எடுத்த படம் அது, செய்வித்த படைப்பு ஆகாது, சட்டப்படி உங்களுடையது. ஆனால் அதையும் மற்ற முப்பதோடு ஒரே போல்டரில் போட்டு ஒரே லிங்கில் அனுப்பினால், இரண்டு வருஷம் கழித்து எது எது என்று யாருக்கும் நினைவிருக்காது. தனிப் போல்டர், தனி வரி, ‘முன்பே எடுத்தது’ என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இருக்கட்டும்.

கவனிக்காமல் விடப்படும் இன்னொரு துண்டும் உண்டு. முப்பது படம் ஒப்படைக்க நீங்கள் நானூறு எடுத்திருப்பீர்கள். லோகோவுக்கு மூன்று மாதிரி காட்டியிருப்பீர்கள், அவர் ஒன்றைத் தேர்ந்திருப்பார். மிச்சம் முந்நூற்று எழுபது படமும் இரண்டு லோகோவும் யாருக்கு? அவையும் அதே வேலைக்காகச் செய்தவை என்பதால் விடுதிக்காரர் உரிமை கோர இடமிருக்கிறது. ‘தேர்ந்தெடுக்கப்படாதவை எல்லாம் வடிவமைப்பாளருக்கே உரியவை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

இரண்டாம் படி: எதைக் கொடுத்துவிடுவது, எதை வைத்துக்கொள்வது

முழு உரிமை மாற்றம் என்றால் பொருளாதார உரிமை முழுவதையும் கொடுத்துவிடுவது. அதன் பிறகு பிரதி எடுக்க, மாற்ற, விற்க, வெளியிட எல்லாம் அவருக்கு முடியும், அவர் அனுமதி இல்லாமல் உங்களுக்கு முடியாது. கால எல்லை எழுதாமல் கொடுத்தால் பதிப்புரிமை இருக்கும் காலம் முழுவதும் அப்படித்தான். பொதுவாக அது படைப்பாளியின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும். உரிமம் என்றால் உரிமையை நீங்கள் வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி கொடுப்பது.

எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்வதுதான் கெட்டித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லோகோவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அதைப் பலகையில் எழுதுவார், ஊழியர்களின் சட்டையில் தைப்பார், நாளைக்கு தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதியவும் கூடும். மூன்று வருஷ உரிமத்தில் லோகோ வைத்துக்கொண்டு ஒருவர் வியாபாரம் செய்ய முடியாது. உங்களுக்கும் அந்த லோகோவால் வேறு வருமானம் வரப்போவதில்லை. முழுதாகக் கொடுத்துவிடுங்கள். மெனுவும் அப்படியே.

அறைப் படங்களும் ஏறக்குறைய அதே மாதிரிதான். அடுத்த விடுதிக்காரர் இந்த விடுதியின் கட்டிலை வாங்கப் போவதில்லை. முழு உரிமையும் வேண்டும் என்று அவர் கேட்டால், சிறு தொகை கூட்டிக் கொடுத்துவிடலாம்.

கடற்கரையும் விடியலும் வேறு கதை. அந்தப் படத்தை நீங்கள் சஞ்சிகைக்குக் கொடுக்கலாம், பயண நிறுவனத்துக்கு விற்கலாம், நாட்காட்டி போடலாம். அதை முழுதாகக் கொடுத்தால் இழப்பது இந்த எல்லா வழிகளையும். ஆகவே அதற்குத் தனித்த உரிமை அல்லாத உரிமம் கொடுங்கள். அதாவது அவரும் பயன்படுத்தலாம், நீங்களும் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ‘பக்கத்து விடுதிக்கும் இதே படத்தைக் கொடுப்பீர்களா?’ என்று அவர் கவலைப்படுவது நியாயம்தான். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள வேறு விடுதிகளுக்கு மூன்று வருஷத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள். அவருக்கு வேண்டியது பெரும்பாலும் அவ்வளவுதான்.

‘காசு குடுத்தாச்சு தம்பி, பிறகென்ன?’ என்று முதலாளி கேட்கும்போது சட்டப் பிரிவை எடுத்து விட வேண்டாம். ‘அண்ணா, உங்கட அறைப் படமெல்லாம் உங்களுக்கே. கடல் படத்தை நீங்கள் பாவிக்கலாம், நானும் வேற வேலைக்குப் பாவிப்பன்’ என்றால் விளங்கிவிடும். அதுவும் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னே சொல்ல வேண்டும். வேலை முடிந்த பிறகு சொன்னால் மிரட்டல் மாதிரி இருக்கும்.

மூன்றாம் படி: எழுதுங்கள், இருவரும் கையெழுத்திடுங்கள்

சட்டத்தின் 16 ஆம் பிரிவு இங்கே முக்கியம். உரிமை மாற்றமோ உரிமமோ எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரும் பெறுபவரும் இருவருமே கையெழுத்திட வேண்டும். எழுத்தில் வெளிப்படையாகச் சொல்லாத எந்த உரிமையும் அதற்குள் அடங்காது. நீங்கள் மட்டும் கையெழுத்திட்ட இன்வொய்ஸின் அடியில் பொடி எழுத்தில் ‘பதிப்புரிமை எங்களுக்கே’ என்று அச்சடிப்பது போதாது. வேலை முடிந்து அனுப்பும் இன்வொய்ஸில் அப்படிப் போடுவது இன்னும் பலவீனம், ஏனென்றால் ஒப்பந்தம் அதற்கு முன்பே ஆகிவிட்டது.

நீண்ட பத்திரம் தேவையில்லை. ஒரு பக்கம் போதும். நம் எடுத்துக்காட்டு வேலைக்கு அதன் உடல் இப்படி இருக்கலாம்:

“இந்த வேலையில் உருவாகும் எல்லாப் படைப்புகளினதும் பொருளாதார உரிமை, புலமைச் சொத்துச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு என்ன கூறினாலும், தொடக்கத்தில் வடிவமைப்பாளருக்கே உரியது. முழுத் தொகையும் கிடைத்தவுடன் தெரிவுசெய்யப்பட்ட லோகோ, மெனு, அட்டவணை ‘அ’வில் உள்ள அறை மற்றும் உணவுப் படங்கள் ஆகியவற்றின் பொருளாதார உரிமை முழுவதும் விடுதி உரிமையாளருக்கு மாறும். அட்டவணை ‘ஆ’வில் உள்ள கடற்கரைப் படங்களை விடுதி தன் சொந்த விளம்பரத்துக்காக இணையத்தளம், சமூக ஊடகம், அச்சுத் துண்டுப் பிரசுரம், இந்த விடுதியைக் காட்டும் முன்பதிவுத் தளங்கள் ஆகியவற்றில் மூன்று ஆண்டுகளுக்குப் பயன்படுத்தலாம். வேறு வியாபாரத்துக்கோ வேறு நபருக்கோ கொடுக்கலாகாது.”

இதில் முதல் வாக்கியம்தான் அச்சாணி. அது இல்லாவிட்டால் மற்ற வரிகளுக்குப் பிடிமானம் இல்லை, உங்களிடம் இல்லாத உரிமைக்கு நீங்கள் உரிமம் கொடுப்பதாக ஆகிவிடும். ‘முழுத் தொகையும் கிடைத்தவுடன்’ என்ற சொற்களை இரண்டாவது வாக்கியத்தில் வைத்ததற்கும் காரணம் உண்டு. மிச்சப் பணம் வரும்வரை லோகோ உங்களுடையது, பணம் தராமல் பலகை எழுதினால் அது உரிமை மீறல்.

முன்பதிவுத் தளங்களைத் தனியாகக் குறிப்பிட்டதையும் பாருங்கள். அந்தத் தளங்களில் படம் ஏற்றும்போது, அதைப் பயன்படுத்தவும் பிறருக்கு அனுமதி கொடுக்கவும் தளத்துக்கு உரிமை தருவதாக விடுதிக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். உங்கள் உரிமம் அதற்கு இடம் கொடுக்காவிட்டால், முதல் நாளே அவர் உங்கள் ஒப்பந்தத்தை மீறியவராகிவிடுவார், அதுவும் தெரியாமலே. அவருக்கு அன்றாடம் தேவைப்படுவதை எல்லாம் தாராளமாக எழுதிக் கொடுங்கள். நாட்காட்டி, அஞ்சலட்டை, சுழியோடும் கடைக்குக் கடன் கொடுப்பது போன்றவற்றுக்கு மட்டும் கதவைச் சாத்துங்கள்.

இந்தப் பகுதியில் விடுதிகள் குத்தகைக்குக் கைமாறுவது சாதாரணம். உரிமம் ஆளுக்கா, விடுதிக்கா? ‘விடுதியை நடத்துபவர் மாறினால், அதே பெயரில் நடக்கும்வரை உரிமம் தொடரும்’ என்றோ ‘புதியவர் தனியாகப் பேச வேண்டும்’ என்றோ எழுதுங்கள். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

மூலக் கோப்புகள் தனி விஷயம். லோகோவின் உரிமை அவருக்கு மாறினாலும், அதை உருவாக்கிய மூலக் கோப்பை அவரிடம் கொடுக்க வேண்டுமா என்பது தனியே பேசித் தீர்க்க வேண்டியது. பேசாவிட்டால் பெயின்டர் பலகை எழுதும் நாளில் போன் வரும். லோகோவில் வேறொருவரின் எழுத்துரு இருந்தால் அதன் உரிமையை நீங்கள் மாற்றிக் கொடுக்க முடியாது. அந்த எழுத்துருவின் உரிமம் வியாபார லோகோவுக்கு இடம் கொடுக்கிறதா என்று நீங்கள்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கையெழுத்துக்கு நேரில் போக வேண்டும் என்றில்லை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி இலத்திரனியல் ஆவணத்துக்கும் கையொப்பத்துக்கும் செல்லுபடி உண்டு. ஒரு பக்க பிடிஎஃபை மின்னஞ்சலில் அனுப்பி, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒற்றை ‘சரி’யை நம்பியிருக்காதீர்கள். எதற்குச் சரி என்று அவர் வேறு விளக்கம் சொல்வார், போன் தொலைந்தால் அதுவும் போய்விடும்.

நான்காம் படி: போர்ட்போலியோ உரிமையைத் தனியே கேட்டு வாங்குங்கள்

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. சட்டத்தின் 10 ஆம் பிரிவு படைப்பாளிக்கு ஒழுக்கவியல் உரிமை தருகிறது. படைப்போடு உங்கள் பெயரைக் குறிப்பிடச் சொல்லவும், உங்கள் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் முடியும். பொருளாதார உரிமை கைவிட்டுப் போன பின்பும் இது உங்களிடம் இருக்கும், உயிரோடு இருக்கும்வரை வேறொருவருக்கு மாற்றவும் முடியாது. ‘அப்படியானால் நான் எடுத்த படத்தை என் பக்கத்தில் போட எனக்கு உரிமை உண்டுதானே?’ என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இல்லை. பெயர் சொல்லச் சொல்லும் உரிமை வேறு, படத்தைப் பிரதி எடுத்துப் பொதுமக்களுக்குக் காட்டும் உரிமை வேறு. இரண்டாவது, 9 ஆம் பிரிவில் உள்ள பொருளாதார உரிமை, அதை வைத்திருப்பவர் விடுதிக்காரர். விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆராய்ச்சி போன்றவற்றுக்குச் சட்டத்தில் நியாயமான பயன்பாடு என்று இடம் இருக்கிறது. புது வாடிக்கையாளரைப் பிடிக்க உங்கள் வேலையைக் காட்டுவதை அதற்குள் அடக்கலாம் என்று நம்பி நான் ஒரு படமும் ஏற்ற மாட்டேன்.

ஆகவே முழு உரிமையும் கொடுக்கும் ஒப்பந்தத்தில்தான் போர்ட்போலியோ வரி மிகவும் தேவை. விடுதிக்காரர் உங்களுக்குத் திருப்பித் தரும் உரிமம் அது. எங்கே, எப்போதிருந்து, எதுவரை என்று மூன்றும் அதில் இருக்கட்டும்:

“வடிவமைப்பாளர் தன் தொழில் திறமையைக் காட்டுவதற்காக இந்தப் படைப்புகளைத் தன் இணையத்தளம், சமூக ஊடகப் பக்கங்கள், அச்சுத் தொகுப்பு, போட்டிகள் ஆகியவற்றில் காலவரையறையின்றிக் காட்டலாம். விடுதி அவற்றை முதலில் வெளியிட்ட நாளிலிருந்து, அல்லது ஒப்படைத்து 60 நாட்களில், எது முந்துகிறதோ அன்றிலிருந்து இது நடைமுறைக்கு வரும். விடுதியின் பெயரையும் செய்த வேலையையும் குறிப்பிடலாம்.”

அறுபது நாள் என்று எழுதாவிட்டால் என்ன? விடுதி திறப்பு விழா தள்ளிப் போகும், இணையத்தளம் ஒரு வருஷம் கிடப்பில் கிடக்கும், நீங்களும் காத்துக்கொண்டிருப்பீர்கள். ‘போட்டிகள்’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். போட்டிக்கு அனுப்பும்போது உரிமை உங்களிடம் இருப்பதாக உறுதி சொல்ல வேண்டி வரும், அது போர்ட்போலியோவில் காட்டுவதைவிடக் கனமான சங்கதி. வாடிக்கையாளர் இதற்கு மட்டும் தயங்கினால் விட்டுக்கொடுக்கலாம். முதல் இரண்டையும் விடாதீர்கள்.

படத்தில் ஆட்கள் இருந்தால் உரிமையாளரின் சம்மதம் மட்டும் போதாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர்களின் முகமோ குழந்தைகளோ தெரியும் படத்தை, அவர்களையும் கேட்காமல் போர்ட்போலியோவில் போடாமல் இருப்பதே மேல்.

கொழும்பு ஏஜென்சி வழியாக வேலை வந்தால் சங்கிலி நீளும். உங்களைச் செய்வித்தவர் ஏஜென்சி, ஏஜென்சியைச் செய்வித்தவர் வாடிக்கையாளர். ஏஜென்சி எல்லா உரிமையையும் ஏற்கெனவே மேலே கொடுத்திருந்தால், உங்களுக்குக் காட்ட அனுமதி தர அதனிடம் எதுவும் மிச்சமில்லை. ‘போர்ட்போலியோவில் போடலாம், பிரச்சினை இல்லை’ என்று அங்குள்ள ஒருவர் போனில் சொல்வதற்கு மதிப்புக் குறைவு. வாடிக்கையாளருடன் உள்ள ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பொதுவில் போட ஒத்துக்கொள்ளாதவர்கள்கூட, நேரில் சந்திக்கும்போது டெப்லட்டில் காட்டவோ கடவுச்சொல் போட்ட பக்கத்தில் வைக்கவோ ஒத்துக்கொள்வதுண்டு. அதையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற வரியை முதலில் தேடுங்கள். Upwork போன்ற தளத்தில், நீங்கள் வேறு ஒப்பந்தம் போடாவிட்டால், முழுப் பணம் கிடைத்ததும் வேலையின் உரிமை வாடிக்கையாளருக்குப் போகும் என்பதே தளத்தின் வழமையான நிபந்தனை. ஒழுக்கவியல் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி அவர்கள் அனுப்பும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், பெயர் போடச் சொல்லிக் கேட்கும் வாய்ப்பையும் அதோடு கொடுத்துவிடுகிறீர்கள்.

ஐந்தாம் படி: ஒப்பந்தம் இல்லாமல் முடிந்த பழைய வேலைகள்

இவற்றுக்கும் வழி உண்டு. உரிமை வாடிக்கையாளருடையது என்று எடுத்துக்கொண்டு, காட்டும் அனுமதியை மட்டும் கேளுங்கள். உரிமை யாருக்கு என்ற விவாதத்தைக் கிளப்பினால் இதுவும் கிடைக்காது. ஒரு சின்ன மின்னஞ்சல்:

“அண்ணா, 2023 இல் உங்கள் விடுதிக்குச் செய்த லோகோவையும் இணைப்பில் உள்ள பன்னிரண்டு படங்களையும் என் வேலை மாதிரியாக என் இணையத்தளத்திலும் பேஸ்புக் பக்கத்திலும் காட்ட விரும்புகிறேன். விடுதியின் பெயரையும் போடுகிறேன். சம்மதம் என்றால் இணைத்துள்ள ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிடுங்கள்.”

படங்களை இணைப்பில் காட்டுவது அவசியம். ‘பழைய படங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால், பிறகு எந்தப் படம் என்பதில் சண்டை வரும். அப்புறம், இதை நவம்பர் போல, மழை பிடித்து விடுதி ஓய்ந்திருக்கும் நேரத்தில் அனுப்புங்கள். ஓகஸ்டில் யாரும் மின்னஞ்சல் படிப்பதில்லை.

ஆறாம் படி: மீறினால்

நம் விடுதியின் விடியல் படம் ஒரு பயண நிறுவனத்தின் நாட்காட்டியில் வந்துவிட்டது என்று வையுங்கள். முதலில் திரைப்பிடிப்பு, நாட்காட்டியின் ஒரு பிரதி, பார்த்த திகதி ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பிறகு ஒப்பந்தத்தை எடுத்து, அந்தப் படம் அட்டவணை ‘அ’வா ‘ஆ’வா என்று பாருங்கள். ‘அ’ என்றால் உங்களுக்கு அதில் வேலை இல்லை, விடுதிக்காரருக்குச் சொல்லிவிடலாம். ‘ஆ’ என்றால் உரிமை உங்களுடையது. விடுதிக்காரரிடம் எப்படிப் போனது என்று கேளுங்கள். நாட்காட்டி போட்டவருக்குப் பிந்திய உரிமம் ஒன்றும் அதற்கான இன்வொய்ஸும் அனுப்புங்கள்.

பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் பதிப்புரிமை முறைப்பாடு கொடுக்கும் படிவம் இருக்கிறது. அதில் உரிமையாளர் நீங்கள் அல்லது அவர் சார்பில் பேசுபவர் என்று உறுதி சொல்ல வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் செய்து கொடுத்த படத்துக்கு அப்படி உறுதி சொன்னால், 14 ஆம் பிரிவின்படி அது பொய்யாகிவிடும், எதிர்த்தரப்பு அதை உங்களுக்கு எதிராகவே திருப்பலாம். அப்படியான படத்துக்கு விடுதிக்காரரையே முறைப்பாடு போடச் சொல்லுங்கள்.

நீதிமன்றம் என்று வந்தால் புலமைச் சொத்து வழக்குக்குக் கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அறுபதாயிரம் ரூபாய் வேலைக்கு அங்கே போய் வரும் செலவு கட்டுப்படியாகாது. அதனால் சிறிய வேலைகளில் சட்டத்தரணியின் ஒரு கோரிக்கைக் கடிதம்தான் பெரும்பாலும் கடைசிக் கட்டம். அவரிடம் போகும்போது இருவரும் கையெழுத்திட்ட பக்கம், இரண்டு அட்டவணைகள், பணம் வந்த வங்கிப் பதிவு, ஒப்படைத்த நாளின் மின்னஞ்சல் ஆகிய நான்கையும் கொண்டு போங்கள்.